உருளைக்கிழங்கு உலர எத்தனை மணி நேரம்?

உணவுப் பொறியியல் தேர்வில் வரும் உலர்த்தல் கணக்கில் பெரும்பாலும் இரண்டு வரைகோடுகள் இருக்கும். எவ்வளவு ஈரம் மிஞ்சும் வரை உலர்த்த வேண்டும் என்பதை ஒன்று காட்டும்; அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மற்றொன்று காட்டும். முதல் கோட்டைத் தவறாகப் படித்தால் இரண்டாவதிலிருந்து கிடைக்கும் விடையும் தவறிவிடும்.

கணக்கு இப்படி அமையலாம். 80 சதவீதம் நீருள்ள உருளைக்கிழங்குத் துண்டுகள், ஒரு சதுர மீட்டர் தட்டில் 10 கிலோ வீதம் பரப்பப்பட்டுள்ளன. அவற்றின் மேல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 சதவீத ஒப்பு ஈரப்பதமும் கொண்ட காற்று வீசுகிறது. உலர்ந்த துண்டுகள் 30 டிகிரியில் கெடாமல் இருக்க வேண்டும். உலர்த்த எவ்வளவு நேரம் ஆகும்?

முதலில் ஈரத்தை உலர்திடப் பொருளின் கணக்கில் சொல்ல வேண்டும். 10 கிலோவில் நீர் 8 கிலோ, திடப்பொருள் 2 கிலோ. ஆகவே ஒரு கிலோ திடப்பொருளுக்கு 4 கிலோ நீர். நீர் குறைந்துகொண்டே போனாலும் திடப்பொருளின் எடை மாறாது. அதனால்தான் இந்த அளவு வசதியானது.

அடுத்தது ஈர உறிஞ்சல் சமவெப்பக் கோடு. ஒரே வெப்பநிலையில், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப உணவில் எவ்வளவு நீர் தங்கும் என்பதை அது காட்டுகிறது. கிடை அச்சில் இருப்பது நீர்ச் செயல்பாடு, அதாவது உணவிலுள்ள நீரின் ஆவியழுத்தத்துக்கும் தூய நீரின் ஆவியழுத்தத்துக்கும் உள்ள விகிதம். இது 0.6-க்குக் கீழே இருந்தால் பூஞ்சை உட்பட எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை.

கணக்கில் இந்தக் கோட்டை இரண்டு முறை படிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வெப்பநிலைக்கானவை. சேமிப்புக்கு 30 டிகிரிக் கோடு: நீர்ச் செயல்பாடு 0.6-க்கு நேராக ஈரம் 0.10 என்று வைத்துக்கொள்வோம். இதுவே இலக்கு. உலர்த்திக்கு 60 டிகிரிக் கோடு: 20 சதவீத ஈரப்பதத்துக்கு நேராக 0.05. இது சமநிலை ஈரம். இந்தக் காற்றில் எத்தனை நாள் வைத்தாலும் துண்டுகள் இதற்குக் கீழே உலராது. ஒரே உணவு ஈரத்தை ஏற்கும்போது ஒரு கோட்டிலும் இழக்கும்போது சற்றே வேறு கோட்டிலும் செல்லும் என்பதால், உலர்த்தலுக்கு இழக்கும் கோட்டையே எடுக்க வேண்டும்.

இனி உலர்வேகக் கோடு. தொடக்கத்தில் துண்டின் மேற்பரப்பு முழுதும் நனைந்திருப்பதால் நீர் ஒரே வேகத்தில் ஆவியாகிறது. இங்கே அது சதுர மீட்டருக்கு மணிக்கு 1.25 கிலோ. ஈரம் 1.5 ஆகக் குறைந்ததும் உள்ளிருந்து வரும் நீர் மேற்பரப்பை நனைத்து வைக்கப் போதாது. வேகம் இறங்கத் தொடங்குகிறது. இந்தப் புள்ளியே மாறுநிலை ஈரம். பிறகு வேகம் நேர்கோடாகக் குறைந்து, சமநிலை ஈரத்தில் சுழியமாகிறது.

முதல் கட்டத்தில் ஈரம் 4-லிருந்து 1.5-க்கு வருகிறது. வெளியேறும் நீர் 2 × 2.5 = 5 கிலோ; அதை 1.25 ஆல் வகுத்தால் 4 மணி நேரம். இரண்டாம் கட்டத்தில் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் இயல் மடக்கை தேவை:

t = (2 / 1.25) × (1.5 − 0.05) × ln[(1.5 − 0.05) / (0.10 − 0.05)]

இதன் விடை ஏறக்குறைய 7.8 மணி. மொத்தம் 11.8 மணி. முதல் 4 மணியில் 5 கிலோ நீர் போனது; மீதி 2.8 கிலோவைப் போக்க அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. முடிவில் வேகம் மணிக்கு வெறும் 43 கிராம்.

சமநிலை ஈரத்தைச் சுழியமாக எடுத்துவிடுவது இங்கே வழக்கமான பிழை. அப்போது இரண்டாம் கட்டத்துக்கு 6.5 மணியே வரும். அந்த நேரத்தில் உலர்த்தியை நிறுத்தினால், துண்டுகளில் உண்மையில் இருக்கும் ஈரம் 0.10 அல்ல, ஏறத்தாழ 0.14. 30 டிகிரிக் கோட்டில் அதற்கு நேரான நீர்ச் செயல்பாடு 0.7 என்றால், வறட்சியைத் தாங்கும் பூஞ்சைகள் அதில் வளரும்.

வேகம் நேர்கோடாகக் குறைகிறது என்பது கணக்குக்கான எளிமைப்படுத்தல். உண்மையில் துண்டுகள் சுருங்கும். காற்று மிகச் சூடாகவும் வறண்டும் இருந்தால் மேற்பரப்பு இறுகி உள்ளிருக்கும் நீரைத் தடுக்கும். அப்போது உலர்வேகக் கோடு வளைந்து, கணக்கிட்டதைவிட நேரம் கூடும். காற்றின் ஈரப்பதம் உயர்ந்து, சமநிலை ஈரம் இலக்கான 0.10-ஐ எட்டிவிட்டால் மடக்கைக்குள் வகுக்கும் எண் சுழியமாகிவிடும்: அந்தக் காற்றில் இலக்கை எட்டவே முடியாது என்பதே அதன் பொருள்.