பிறந்த குழந்தைக்கான காம்போ: பணம் கட்டும் முன் பெட்டிக்குள் பார்ப்போம்

வளைகாப்பு முடிந்த வீட்டில், மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் பையைக் கட்டும் வேலை தொடங்கிவிடும். அதே நாட்களில் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ‘நியூபார்ன் காம்போ’ பதிவுகள் வரிசையாகக் கண்ணில் படும். கடை கடையாக அலைய முடியாத நிறைமாதக் கர்ப்பிணிக்கு இது உண்மையிலேயே உதவிதான். வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் பலர், தங்கள் குழந்தைக்கு வாங்குவதைப் போல அக்கறையோடு பொருள் தேர்ந்தெடுப்பதும் உண்டு. ஆனாலும் மொத்தமாக வாங்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. தனியாக வாங்கியிருந்தால் ஒரு கணம் யோசித்து வேண்டாம் என்று வைத்திருக்கக்கூடிய பொருளும் பெட்டியோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று, அது குழந்தையின் மேலும் வந்துவிடுகிறது.

ஒரு மாதிரிப் பெட்டி

வழக்கமாகப் பதிவுகளில் வரும் பொருட்களைச் சேர்த்து ஒரு மாதிரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். விலை 1,499 ரூபாய். 72 டயப்பர், ஆறு ஜபலா, இரண்டு ஜோடி கையுறை காலுறை, பவுடர், உடலுக்குத் தேய்க்கும் எண்ணெய், சோப்பு, கடுகுத் தலையணை, வசம்பு வளையல், கண் மை, டிஜிட்டல் தெர்மாமீட்டர். கடைசியில் பெரிய எழுத்தில் ‘பால் புட்டி இலவசம்’. பன்னிரண்டு பொருள் என்று பார்த்தால் மலிவாகவே தெரியும். குழந்தைக்கு இவற்றில் எது தேவை, எது ஆகாது என்று பார்ப்போம்.

இலவசப் பால் புட்டி சட்டப்படி கூடாது

பால் புட்டி, பால் மாவு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பாக்கெட் உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. 2003-இல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. இவற்றைப் பரிசாகக் கொடுப்பதும், சலுகை காட்டி விற்பனையைத் தூண்டுவதும் இதே சட்டப்படி குற்றம்; சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. கடையில் வைத்து விற்கலாம், கேட்பவருக்குக் கொடுக்கலாம். ஆஃபர் போட்டு அழைக்கக் கூடாது. வீட்டிலிருந்து விற்கும் பலருக்கு இது தெரிவதே இல்லை. தெரிந்தவர் புட்டியைப் பெட்டியில் வைக்க மாட்டார்.

இந்தத் தடைக்குக் காரணம் முதல் சில வாரங்களில் இருக்கிறது. தாயிடம் குழந்தை எவ்வளவு அடிக்கடி உறிஞ்சிக் குடிக்கிறதோ அவ்வளவு பால் ஊறும். பிறந்த மூன்றாம் நாள், பால் இன்னும் முழுதாக இறங்காத நேரத்தில் குழந்தை விடாமல் அழும். அந்த இரவில் கைக்கெட்டும் தூரத்தில் புட்டி இருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துக் கலக்கிவிடுவார். புட்டியில் குடித்த குழந்தை தாயிடம் குறைவாகக் குடிக்கும், பால் ஊறுவதும் குறையும், மறுநாள் இன்னொரு புட்டி தேவைப்படும். சரியாகக் கழுவிக் கொதிக்க வைக்காத காம்பும் மூடியும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவது இதோடு சேரும் ஆபத்து. மருத்துவர் சொல்லி மேற்பால் கொடுக்க வேண்டி வந்தாலும், பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ கொடுக்கலாம்; கழுவுவதும் எளிது.

அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்கென்று தமிழ்நாட்டில் 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் வைத்தார்கள். துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம், தாய்க்கு லேகியம் எல்லாம் அதில் உண்டு. பால் புட்டி இல்லை. காம்போ தயாரிப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

தலையணை, வளையல், மை

இந்த மூன்றையும் பாட்டிமார் அன்போடு வாங்கி வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்வது வீட்டில் மனத்தாங்கலை உண்டாக்கும். அதனால் காரணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கடுகுத் தலையணை தலையை உருண்டையாக்கும் என்பது விற்பவர் சொல்லும் காரணம். பிறந்த குழந்தையின் தலை உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்துக்கு வலு கிடையாது. தலையணை தலையை உயர்த்தும்போது முகவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குழாய் மடங்கலாம். முகம் பக்கவாட்டில் புதைந்தால் தானாகத் திருப்பிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. தலைக்கு வடிவம் தருவதாகச் சொல்லும் தலையணைகளை வாங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 நவம்பரில் எச்சரித்தது. குழந்தையைக் கெட்டியான சமப் படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. தலை ஒரு பக்கம் தட்டையாகிறதே என்று கவலைப்பட்டால், ஒவ்வொரு முறையும் முகத்தைப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது கண்ணெதிரே சிறிது நேரம் குப்புறப் போடுங்கள். பெரும்பாலான தலைகள் மாதங்கள் போகப் போகத் தாமாகவே சீராகிவிடும்.

வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது வாந்தியைத் தூண்டக்கூடியது. ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில் குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகத் தொடங்கும். வளையலும் கூடவே போகும். காய்ச்சலோ பேதியோ இல்லாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும் குழந்தையின் கையில் வசம்பு வளையல் இருந்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு காரணம் தேடிச் சோதனைகள் எழுத வேண்டியிருக்கும். நூல் அறுந்தால் மணிகள் தொண்டையில் சிக்கும் அபாயமும் இருக்கிறது.

கண் மையில் ஈயம் இருப்பது உலகின் பல இடங்களில் சோதனைகளில் தெரியவந்த ஒன்று. வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கன்னத்திலும் காலிலும்தானே பொட்டு வைக்கிறோம் என்றாலும், குழந்தையின் கை அதைத் தேய்த்து வாய்க்குக் கொண்டுபோகும். வீட்டில் தயாரித்தது என்றால் ஈயம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் விரலால் இமைக்குள் தீட்டும்போது அழுக்கு கண்ணுக்குள் போவது நிற்காது.

பாட்டிலின் பின்பக்கம்

பதிவில் எப்போதும் பாட்டிலின் முன்பக்கம்தான் படமாக வரும். கேட்டு வாங்க வேண்டியது பின்பக்கத்தின் படம். 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பவை அங்கே இருக்க வேண்டும். ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற வரி இவற்றில் எதற்கும் ஈடாகாது. கேனில் வாங்கிச் சிறு பாட்டிலில் ஊற்றி, சொந்த ஸ்டிக்கர் ஒட்டிய எண்ணெயில் இந்த விவரங்கள் இருக்காது. குழந்தைக்குத் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று மருத்துவரால்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

சேர்மானப் பட்டியலில் கற்பூரம் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ‘கேம்ஃபர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டு வயதுக்குள் அதைத் தடவக் கூடாது. உடலுக்குள் போனால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். சளிக்கு என்று விற்கும் சில தைலங்களில் இது இருக்கிறது. பவுடர் தேவையே இல்லை. கொட்டும்போது எழும் தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். கழுத்து மடிப்பில் வியர்வையோடு சேர்ந்து களியாகித் தோலை உரசும். மடிப்பை ஈரத் துணியால் துடைத்து நன்றாக உலர வைத்தால் போதும். சோப்புக்கும் அவசரம் இல்லை. பிறந்து 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

72 டயப்பர் எத்தனை நாள் வரும்?

‘0–3 மாதம்’ என்று எழுதிய டயப்பர் பதிவை நம்பி வாங்காதீர்கள். டயப்பருக்கு எடைதான் அளவு. புதுப்பிறப்பு அளவு பெரும்பாலும் 5 கிலோ வரைக்கும். 2.8 கிலோவில் பிறந்த குழந்தை முதல் சில நாள் கொஞ்சம் இளைத்து, பத்தாம் நாள் வாக்கில் பிறந்த எடைக்குத் திரும்பும். பிறகு நாளுக்குச் சுமார் 30 கிராம் கூடினால், மீதி 2.2 கிலோ ஏற 73 நாள் ஆகும். மொத்தத்தில் இரண்டே முக்கால் மாதம். 3.6 கிலோவில் பிறந்த குழந்தை இதே கணக்கில் இரண்டு மாதத்துக்குள் அந்த அளவைத் தாண்டிவிடும். தொடையில் எலாஸ்டிக் தடம் சிவந்து பதிந்தால், எடை எவ்வளவானாலும் அடுத்த அளவுக்கு மாறுங்கள்.

பகலில் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர் என்று நாளுக்கு மூன்று போட்டால் 72 டயப்பர் 24 நாள் வரும். நாள் முழுவதும் போட்டால் எட்டு வரை ஆகும். ஒன்பது நாளில் தீர்ந்துவிடும். ஆகவே 72 என்பது மிகையான எண்ணிக்கை அல்ல. ஆனால் அந்த பிராண்டு உங்கள் குழந்தையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முதலில் 20 உள்ள சிறு பாக்கெட் ஒன்றே நல்லது. கிலோ கணக்கில் உதிரியாக வரும் டயப்பரில் தயாரித்த மாதமும் தெரியாது, எங்கே திறந்து கிடந்தது என்பதும் தெரியாது. பெட்டியில் அதை வைத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

கையுறையை அணிவிக்கும் முன் உட்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் விரலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். காரணம் தெரியாமல் அழும் குழந்தையின் விரலைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நகத்தை வெட்டிவிட்டால் கையுறையே தேவைப்படாது.

பெட்டியில் மனமார வரவேற்க வேண்டியது தெர்மாமீட்டர். அக்குளில் நன்றாக அணைத்து வைத்து, பீப் ஒலி வரும்வரை காத்திருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி. குறைந்தால் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துப் போர்த்த வேண்டும். பிறகும் ஏறாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடினால், போர்த்தியதை விலக்கிச் சற்று நேரத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் கூடுதலாகவே இருந்தால் வீட்டு மருந்து வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விற்பவர் இப்படி எழுதலாம்

“டயப்பர் 20, 5 கிலோ வரை, கம்பெனி சீல் பிரிக்காதது. பருத்தி ஜபலா 6, முன்பக்கம் முடிச்சு, ஒரு முறை துவைத்துவிட்டு அணிவிக்கவும். துணி நாப்கின் 12. தேங்காய் எண்ணெய் 100 மி.லி., பின் லேபிள் படம் மூன்றாவது பக்கத்தில். டிஜிட்டல் தெர்மாமீட்டர் 1, பில்லுடன். ஒவ்வொன்றின் விலையும் தனியாகக் கீழே. தேவையில்லாததை நீக்கிச் சொல்லுங்கள், விலை குறையும். பால் புட்டி, தலையணை, மை, பவுடர் வைப்பதில்லை.”

இப்படி எழுதும் பதிவில் பொருள் எண்ணிக்கை குறையும். ஆனால் படிக்கும் தாய் கேட்கக்கூடிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. ‘தேவையில்லாததை நீக்கிச் சொல்லுங்கள்’ என்ற ஒரு வரியை மட்டும் பார்த்தே நான் விற்பவரை எடைபோடுவேன். வேண்டாத பொருளை வாங்குபவர் தலையில் கட்டும் எண்ணம் இருப்பவர் அந்த வரியை எழுத மாட்டார்.

பணம் அனுப்பும் முன் விற்பவரின் முழு முகவரியையும், பொருளைத் திருப்பிக்கொள்வாரா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்தே வீடியோ எடுங்கள். சீல் உடைந்த டயப்பரோ காலாவதியான எண்ணெயோ வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. விற்பவர் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். பில், பேசிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.