90 மில்லிமீட்டர் தகடு ஏன் 86.5 ஆனது?

ஜூனியர் கேட் டெக்னீஷியன் வேலைக்கு வரும் கவர் லெட்டர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆட்டோகேட் தெரியும், சாலிட்வொர்க்ஸ் தெரியும், கடினமாக உழைப்பேன். கூடவே இணைத்து வரும் படங்களும் அப்படித்தான்: ஸ்க்ரூ ஜாக், ப்ளம்மர் பிளாக், நக்கிள் ஜாயின்ட். மெஷின் டிராயிங் வகுப்பில் எல்லோரும் போடுகிற படங்கள். போட்டதில் குற்றமில்லை. ஆனால் அவற்றின் அளவுகள் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கின்றன. விண்ணப்பித்தவர் தானாக எதை முடிவு செய்தார் என்பது தெரியாது.

கடிதத்தைப் படிக்கும் டிசைன் பிரிவுத் தலைவருக்கு ஒரே கவலைதான். இவர் போட்ட டிராயிங் பட்டறைக்குப் போனால் பொருள் சரியாக வருமா, ஸ்கிராப் ஆகுமா? அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல ஒரு சின்ன புராஜெக்டே போதும்.

இரண்டு மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டில் ஒரு எல் வடிவ பிராக்கெட் என்று வைத்துக்கொள்வோம். வெளி அளவில் ஒரு பக்கம் 50, மறு பக்கம் 40. வளைவின் உள் ஆரம் 2 மில்லிமீட்டர். லேசர் கட்டிங்குக்கு எவ்வளவு நீளம் வெட்டச் சொல்வது? புதியவர்கள் 50-ஐயும் 40-ஐயும் கூட்டி 90 என்பார்கள். வளைத்துப் பார்த்தால் பிராக்கெட் பெரிதாகிவிடும். தகடு வளையும்போது வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெருக்குண்ணுகிறது. நடுவில் ஓரிடத்தில்தான் நீளம் மாறாமல் இருக்கிறது. அந்த இடம் தடிமனில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு கே-ஃபேக்டர் என்று பெயர். 0.44 என்று எடுத்தால் வளைவுப் பகுதிக்கு மட்டும் சுமார் 4.5 மில்லிமீட்டர் வேண்டும். நேராக நிற்கும் பகுதிகள் 46-ம் 36-ம். மொத்தம் 86.5. மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம், துளைகளை இடம் மாற்றிவிடப் போதுமானது.

இதைச் செய்தவர் கடிதத்தில் இப்படி எழுதலாம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், விஷயம் இதுதான்:

"போர்ட்ஃபோலியோவின் இரண்டாம் பக்கத்தில் உள்ள பிராக்கெட்டை, பழைய பொருளை வெர்னியரால் அளந்து சாலிட்வொர்க்ஸ் ஷீட் மெட்டலில் வரைந்தேன். விரித்த நீளம் 86.5 எனக் கணித்து, டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கட்டிங்குக்குக் கொடுத்தேன். வளைத்த முதல் துண்டில் இரு பக்கங்களையும் கூட்டினால் 90.3 வந்தது. விரித்த நீளத்தை 86.2 ஆகக் குறைத்து, கே-ஃபேக்டரை 0.34-க்கு மாற்றி, டிராயிங்கில் ரிவிஷன் பி என்று பதிந்தேன்."

இதைப் படித்தவுடன் தலைவர் பேனாவை எடுப்பார். அளக்கத் தெரிகிறது, மெஷினில் என்ன வரும் என்று தெரிகிறது, ரிவிஷன் போடும் பழக்கம் இருக்கிறது. 0.3 பிசகியதை மறைக்காததே என் கணக்கில் பெரிய மதிப்பெண். வளைக்கும் டையைப் பொறுத்து இந்த எண் மாறும் என்பது பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரியும். முதல் தடவையே சரியாக வந்ததாக எழுதியிருந்தால்தான் சந்தேகம் வரும்.

மென்பொருள் திறனையும் இதே வழியில் சொல்வது நல்லது. "ஆட்டோகேட் எக்ஸ்பர்ட்" என்ற சொல்லால் ஒன்றும் நகராது. ஏ3 தாளில் டைட்டில் பிளாக்கோடு 1:2 ஸ்கேலில் பிளாட் எடுக்கத் தெரியும், அட்ரிபியூட் வைத்த பிளாக் செய்யத் தெரியும் என்று எழுதினால், இண்டர்வியூவில் அதையே செய்து காட்டச் சொல்வார்கள். தெரியாததை எழுதியவர் அங்கே மாட்டிக்கொள்வார். எந்த ஆண்டின் பதிப்பில் வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். புதிய பதிப்பில் சேமித்த சாலிட்வொர்க்ஸ் கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கப்போனால் சிக்கல்தான்.

கல்லூரி உரிமத்தில் வரைந்த சாலிட்வொர்க்ஸ் டிராயிங்கை அச்சிட்டால் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வரி அதில் விழும். மாணவர் என்றால் அது இயல்பு, அழிக்க முயல வேண்டாம். ஆனால் அப்ரண்டிஸாக இருந்த கம்பெனியின் டிராயிங்கை அனுப்பக் கூடாது. டைட்டில் பிளாக்கை மட்டும் நீக்கி அனுப்புகிறவர்கள் உண்டு. அதுவும் தவறுதான், படம் கம்பெனியின் சொத்து. நாளைக்கு எங்கள் டிராயிங்கும் இப்படி வெளியே போகும் என்று படிக்கிறவருக்குத் தோன்றிவிடும். அங்கே கற்ற வேலையை வேறொரு சொந்தப் பொருளில் வரைந்து காட்டலாம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் கூடப் போதும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். படங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கி, கடிதத்தில் சொல்லும் பக்க எண்ணும் அதில் உள்ள பக்க எண்ணும் ஒன்றுதானா என்று அனுப்பும் முன் திறந்து பார்த்துவிடுங்கள்.