லே குளிரிலும் உறையாத ரேடியேட்டர்

லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோடு ஒரு லாரியை அங்கே இரவு முழுக்க வெளியே நிறுத்தினால், உள்ளே இருப்பது பனிக்கட்டியாகிவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். அந்த நெருக்கலில் ரேடியேட்டர் குழாய் வெடிக்கும்; இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம்.

பகலில் மலையேறும்போது நேர்மாறான தொல்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால். பனிக்கட்டி உருவாக, தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்துக்கொள்ள வேண்டும். கிளைகாலுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அது திரவத்திலேயே நின்று, தண்ணீர் மூலக்கூறுகளின் நெருக்கத்தைக் குறைக்கிறது. அதனால் இன்னும் அதிகமாகக் குளிர்ந்தால்தான் உறையும். கொதிப்பதிலும் இதே கதைதான். மேற்பரப்பில் தண்ணீர் மூலக்கூறுகள் குறைவதால் ஆவி குறைகிறது. அது வெளி அழுத்தத்தை எட்ட இன்னும் சூடு வேண்டும்.

பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை சுமார் மைனஸ் 37 டிகிரி; சமவெளியில் கொதிநிலை சுமார் 107 டிகிரி. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்குவதால் கொதிநிலை இன்னும் உயரும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

கிளைகாலை மட்டுமே ஊற்றினால் இன்னும் நல்லதா? இல்லை. தனிக் கிளைகால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். தண்ணீர் அளவுக்கு அது வெப்பத்தைச் சுமக்கவும் செய்யாது.

பெரும்பாலும் தவறு நடப்பது வழியில்தான். 10 லிட்டர் கொள்ளும் ரேடியேட்டரில் 5 லிட்டர் கிளைகால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் கசிந்து, ஓட்டுநர் வெறும் தண்ணீரால் நிரப்பினால் மிஞ்சும் கிளைகால் 4 லிட்டர். உறைநிலை மைனஸ் 24 அருகே வந்துவிடும். மறுபடியும் அப்படியே செய்தால் 3.2 லிட்டர்தான் மிஞ்சும். உறைநிலை மைனஸ் 16 அருகே. லேயின் ஜனவரி இரவை அது தாங்காது.

கலவையின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, சாயம் அப்படியேதான் தெரியும். இன்ஜின் ஆறிய பிறகு ஒரு சொட்டு எடுத்து, ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், உறைநிலை எத்தனை டிகிரி என்று அளவுகோட்டிலேயே தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் பழையதில் கொஞ்சம் வடித்துவிட்டு, செறிவான கூலண்ட் சேர்க்க வேண்டும். வடித்ததைத் திறந்து வைத்துவிடக் கூடாது. எத்திலீன் கிளைகால் இனிப்பான விஷம்; குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும் ஆபத்து உண்டு.