முயல் குறையும்போது பூனை ஏன் பெருகுகிறது?

கனடாவின் வடக்குக் காடுகளில் பனிமுயல் என்றொரு முயல் உண்டு. கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் இருக்கும். லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனைக்கு அதுதான் பிரதான இரை. இரண்டையும் வேடர்கள் பொறிவைத்துப் பிடித்து, தோலை ஹட்சன் பே கம்பெனிக்கு விற்றார்கள். வியாபாரத்துக்காக எழுதிய அந்தத் தோல் கணக்குதான் இன்று உயிரியல் பாடப்புத்தகங்களில் ஜோடிக் கோடுகளாக அச்சாகிறது. காட்டில் யாரும் முயல்களை எண்ணவில்லை, தோல்களைத்தான் எண்ணினார்கள். இதை மறக்காமல் படத்தைப் பார்க்க வேண்டும்.

படத்தில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய 10 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. ஆனால் சேர்ந்து ஏறுவதில்லை. பாடப்புத்தகங்களில் புழங்கும் 1900 முதல் 1920 வரையிலான எண்களை எடுத்துக்கொள்வோம். முயல் 1903இல் உச்சம் தொடுகிறது: சுமார் 77 ஆயிரம். அந்த ஆண்டில் லிங்க்ஸ் 35 ஆயிரம்தான். மறு ஆண்டில் முயல் பாதிக்கும் கீழே, 36 ஆயிரத்துக்கு விழுகிறது. லிங்க்ஸோ 59 ஆயிரமாக உயர்ந்து தன் உச்சத்தை அடைகிறது. அடுத்த சுற்றில் முயலின் உச்சம் 1913, லிங்க்ஸின் உச்சம் 1915.

இரை குறைந்துவிட்ட ஆண்டில் அதைத் தின்னும் விலங்கு எப்படிக் கூடுகிறது? பலரும் இடறுவது இங்கேதான். முயல் எவ்வளவு இருக்கிறது என்பது, லிங்க்ஸ் எத்தனை இருக்கும் என்பதை முடிவு செய்வதில்லை. லிங்க்ஸ் கூடுமா குறையுமா, எந்த வேகத்தில் என்பதைத்தான் முடிவு செய்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல இது. குழாயில் வரத்து குறையத் தொடங்கிய பிறகும், செலவைவிட வரத்து அதிகமாக இருக்கும்வரை தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். முயல் உச்சத்திலிருந்து சரியத் தொடங்கினாலும், தாய்ப்பூனைக்கும் குட்டிகளுக்கும் போதுமான அளவு இருக்கும்வரை பிறப்பு இறப்பை மிஞ்சும். அந்த அளவுக்கும் கீழே முயல் போன பிறகுதான் லிங்க்ஸ் இறங்கும். அப்போது பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. பெரியவை பட்டினி கிடக்கும், அல்லது இரை தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்துபோகும்.

முயல் பக்கத்திலும் இதே கதைதான். 1901இல் முயல் 47 ஆயிரம், 1914இல் 52 ஆயிரம்; பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முதலாவதில் கோடு மேலே போகிறது, இரண்டாவதில் கீழே விழுகிறது. 1901இல் லிங்க்ஸ் 6 ஆயிரம், 1914இல் 46 ஆயிரம் என்பதுதான் காரணம். முயல் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது.

1920களில் லோட்காவும் வோல்டெராவும் தனித்தனியே எழுதிய சமன்பாடுகளிலும் இந்தத் தாமதம் தானாகவே வருகிறது. அவற்றின்படி தாமதம் சுழற்சியில் ஏறக்குறைய கால்வாசி, அதாவது இரண்டரை ஆண்டு இருக்க வேண்டும். காட்டில் தெரிவதோ ஒன்று அல்லது இரண்டு ஆண்டு. சமன்பாடு எளிமையானது, காடு அப்படியல்ல.

எண்களிலேயே இன்னொரு புதிர் இருக்கிறது. 1907இல் லிங்க்ஸ் 13 ஆயிரமாகவும் 1908இல் 8 ஆயிரமாகவும் இறங்கிவிடுகிறது. பயம் நீங்கிய முயல் உடனே பெருக வேண்டுமே? 1910 வரை 30 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. யூகான் பகுதியின் க்ளூவானியில் சார்லஸ் கிரெப்ஸ் குழுவினர் நடத்திய நீண்ட ஆய்வு இங்கே உதவுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்துண்டுகளில் சிலவற்றில் முயலுக்குத் தீவனம் போட்டார்கள். சிலவற்றில் மின்வேலி போட்டு லிங்க்ஸ் போன்றவற்றைத் தடுத்தார்கள். தீவனம் மட்டும் முயலை மூன்று மடங்காக்கியது, வேலி மட்டும் இரண்டு மடங்காக்கியது. இரண்டும் சேர்ந்தபோது 11 மடங்கு! ஆக, குறை பூனையின் மேல் மட்டுமில்லை. வேட்டைக்கு அஞ்சியே கிடக்கும் தாய்முயல் குறைவாக ஈனுகிறது, அந்த அழுத்தத்தின் பாதிப்பு குட்டிகளுக்கும் போகிறது என்று அங்கேயே பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. பூனை போன பிறகும் முயல் சில ஆண்டுகள் எழாமல் கிடப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இந்தத் தோல் கணக்கின் முந்தைய சில பத்தாண்டுகளில் ஒரு விசித்திரம்: லிங்க்ஸின் உச்சம் முயலின் உச்சத்துக்கு முன்னால் வருகிறது. 1973இல் மைக்கேல் கில்பின் என்ற ஆய்வாளர், முயல்தான் லிங்க்ஸைத் தின்கிறதா என்று கேலியாகவே தன் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். முயல் கணக்கு ஹட்சன் விரிகுடாப் பக்கத்தது, லிங்க்ஸ் கணக்கில் பெரும்பகுதி மேற்குக் கனடாவினது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எனவே இப்படியொரு ஜோடிப் படம் கண்ணில் பட்டால், எந்த உச்சம் முந்தியது என்று பார்ப்பதற்கு முன், இரண்டு கோடுகளும் ஒரே காட்டைச் சேர்ந்தவைதானா என்று பாருங்கள்.