பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லுக்கு மாற்றினால் வரவு மூன்று மடங்காவது ஏன்? நடுவில் நிற்கும் கூட்டல் வரிகளை நீக்குவது எப்படி?

வங்கி ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப்பில் இருந்து எக்செல்லுக்கு மாற்றியாகிவிட்டது. வரவு நெடுவரிசைக்குக் கீழே SUM போட்டால் 3,88,500 ரூபாய் வருகிறது. ஆனால், அந்த மூன்று மாதங்களில் கணக்குக்கு உண்மையில் வந்த பணம் 1,29,500 ரூபாய்தான். இந்தத் தொகையை அப்படியே ஆடிட்டருக்கு அனுப்பினால், வருமான வரிக் கணக்கு தொடங்கும் இடத்திலேயே தப்பாகிவிடும்.

எக்செல் கூட்டியதில் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வங்கி அச்சடித்த ‘Page Total’, கடைசிப் பக்கத்தில் இருக்கும் ‘Grand Total’ இரண்டும் சாதாரண வரிகளாக உள்ளே வந்துவிட்டன. ஒரே பணம் பதிவாக ஒரு முறை, பக்கக் கூட்டலாக ஒரு முறை, மொத்தக் கூட்டலாக ஒரு முறை எண்ணப்படுகிறது. உங்கள் தொகை எதிர்பார்த்ததைவிட சரியாக இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

பேப்பருக்கு வசதி, எக்செல்லுக்குத் தொல்லை

காகிதத்தில் படிப்பவருக்கு இந்த வரிகள் உதவியானவை. ஒரு பக்கம் முடியும்போது இருப்புத் தொகை ‘C/F’ என்று அடுத்த பக்கத்துக்கு அனுப்பப்படும். அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை ‘B/F’ என்று வந்து நிற்கும். அதற்குக் கீழே தலைப்பு வரி மறுபடியும் வரும். பக்கத்தின் அடியில் ‘Page 2 of 3’, ‘This is a computer generated statement’ போன்ற வாசகங்கள் இருக்கும்.

எக்செல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தேதிப்படி சார்ட் செய்தால் தேதி இல்லாத இந்த வரிகள் எல்லாம் மொத்தமாகக் கீழே போய்ச் சேரும். தொகைப்படி சார்ட் செய்தால் Grand Total உங்களின் ‘மிகப் பெரிய செலவாக’ மேலே வந்து நிற்கும். பக்கங்களுக்கு நடுவே காலி வரி இருந்தால் இன்னொரு சிக்கல். ஒரு கட்டத்தில் மட்டும் கர்சரை வைத்து ஃபில்டர் போட்டால், எக்செல் முதல் காலி வரியோடு நின்றுவிடும். இரண்டாம் பக்கம் ஃபில்டருக்குள்ளேயே வராது. அதனால் A முதல் H வரை நெடுவரிசைகளை முழுதாகத் தேர்வுசெய்த பிறகே Ctrl+Shift+L அழுத்த வேண்டும்.

முதல் வேலை: வரிசை எண்

ஸ்க்ரோல் செய்துகொண்டே கண்ணில் படும் கூட்டல் வரிகளை ஒவ்வொன்றாக டெலீட் செய்வதுதான் பலரும் செய்வது. மூன்று பக்கம் என்றால் ஓகே. முப்பது பக்கம் என்றால் ஏதாவது ஒரு நிஜப் பதிவும் சேர்ந்து போய்விடும், போனது தெரியவும் தெரியாது. அதனால் எதையும் நீக்காமல், முதலில் ஒவ்வொரு வரிக்கும் அது என்ன வகை என்று ஒரு பெயர் கொடுப்பதே பாதுகாப்பு.

அதற்கும் முன்னால் A நெடுவரிசையைப் புதிதாகச் சேர்த்து 1, 2, 3 என்று கடைசி வரை எண் போட்டுவிடுங்கள். பிறகு எப்படிக் கலைத்தாலும் இந்த எண்ணை வைத்துப் பழைய வரிசைக்குத் திரும்பலாம். இப்போது B-யில் தேதி, C-யில் விவரம், D-யில் செலவு, E-யில் வரவு, F-இல் இருப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். G-யில் இந்த ஃபார்முலாவைப் போட்டு, கடைசி வரி வரை இழுத்துவிட வேண்டும்:

```
=IF(ISNUMBER(B2),"பதிவு",IF(COUNT(D2:F2)>0,"கூட்டல்","பார்"))
```

எக்செல்லில் உண்மையான தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண். தேதி இருந்தால் அது ‘பதிவு’. தேதி இல்லை, ஆனால் தொகை இருக்கிறது என்றால் ‘கூட்டல்’. இரண்டுமே இல்லாதது ‘பார்’. கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலா வேலை செய்யும். ஒரே நிபந்தனை, தொகைகள் எண்ணாக இருக்க வேண்டும். ‘28,850.00Cr’ என்று எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் எக்செல் அதை எண்ணாகப் பார்க்காது. அந்த நெடுவரிசையை மட்டும் தேர்வுசெய்து, Find and Replace-இல் Cr-ஐ நீக்கிவிடுங்கள்.

பத்தாவது வரி யாருடையது?

மேலே சொன்ன மூன்று பக்க ஸ்டேட்மென்ட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ‘கூட்டல்’ என்று பெயர் வாங்கிய வரிகளை ஃபில்டர் செய்வதற்கு முன், எத்தனை வர வேண்டும் என்று கணக்கிடலாம். Page Total மூன்று, Grand Total ஒன்று, C/F இரண்டு, B/F இரண்டு, தொடக்க இருப்பு ஒன்று. ஆக, 9 வரிகள். ஆனால், ஃபில்டரில் வருவது 10.

அந்தப் பத்தாவது வரி 650 ரூபாய்க்கான யுபிஐ பேமென்ட். மே 17 அன்று அந்தக் கணக்கில் இரண்டு செலவுகள். ஒரே நாளில் பல பதிவுகள் இருந்தால் தேதியை முதல் பதிவுக்கு மட்டும் அச்சடிக்கும் ஸ்டேட்மென்ட்டுகள் உண்டு. இரண்டாவது பதிவுக்குத் தேதி இல்லாததால் அது ‘கூட்டல்’ பட்டியலில் மாட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு டெலீட் செய்திருந்தால் 650 ரூபாய் காணாமல் போயிருக்கும்.

இங்கேதான் அந்தக் கூட்டல் வரிகளே கைகொடுக்கின்றன. காலியாக உள்ள ஒரு கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=SUMIFS(D:D,G:G,"பதிவு")
```

விடை 89,680. வங்கி அச்சடித்த மூன்று பக்கச் செலவுக் கூட்டல்கள் 31,400, 36,780, 22,150. சேர்த்தால் 90,330. வித்தியாசம் சரியாக 650. விடுபட்ட வரியின் B கட்டத்தில் மே 17 என்று தேதியைப் போட்டதும் அது தானாகவே ‘பதிவு’ ஆகிவிடும், தொகையும் 90,330 ஆகிவிடும். D-க்குப் பதில் E போட்டு வரவையும் இதேபோல் பார்த்துக்கொள்ளலாம். கூட்டல் வரிகளை முதலிலேயே அழித்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் இருக்காது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் வரலாம். சில ஸ்டேட்மென்ட்டுகளில் B/F வரிக்கும் தேதி இருக்கும். அது ‘பதிவு’ பட்டியலுக்குள் நுழைந்துவிடும். பதிவுகளில் செலவு, வரவு இரண்டுமே காலியாக உள்ளவற்றை ஃபில்டர் செய்தால் அவை மாட்டும். அவற்றின் G கட்டத்தில் ‘கூட்டல்’ என்று கையால் மாற்றிவிடலாம்.

12-ம் தேதியோடு பதிவுகள் நின்றால்…

பத்து அல்ல, ஐம்பது அறுபது வரிகள் ‘கூட்டல்’ என்று வந்தால் சந்தேகப்பட வேண்டியது தேதியை. கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் அமெரிக்க முறையில் இருந்தால், எக்செல் மாதத்தை முதலில் படிக்கும். 05/04 என்பது ஏப்ரல் 5-க்குப் பதில் மே 4 ஆகிவிடும். 17/05 என்பதை அதனால் படிக்கவே முடியாது, ஏனென்றால் 17-வது மாதம் கிடையாது. எனவே, அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். மாதத்தின் 13-ம் தேதி முதலான பதிவுகள் எல்லாம் ‘கூட்டல்’ ஆகிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான தேதி கட்டத்தின் வலது ஓரமாகவும், எழுத்தாக நிற்கும் தேதி இடது ஓரமாகவும் இருக்கும். சரிசெய்ய, ஏற்கெனவே இடம் மாறிய தேதிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதிய ஷீட்டில் தேதி நெடுவரிசையை முதலில் Text என்று மாற்றிவிட்டு, மூலத் தரவை வடிவமைப்பு இல்லாமல் பேஸ்ட் செய்யுங்கள். பிறகு அந்த நெடுவரிசையைத் தேர்வுசெய்து Data → Text to Columns போய், மூன்றாவது திரையில் Date: DMY என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாத் தேதிகளும் நம்ம ஊர் முறையில் மாறிவிடும்.

‘பார்’ வரிகளைப் பார்க்காமல் விடாதீர்கள்

‘பார்’ பட்டியலில் தலைப்பு வரிகள், பக்க எண்கள், காலி வரிகள்தான் அதிகம் இருக்கும். ஆனால், நீளமான விவரம் இரண்டாவது வரிக்கு மடிந்திருந்தால் அதுவும் இங்கேதான் கிடக்கும். யுபிஐ பதிவுகளில் இது சகஜம். மேல் வரியில் ரெஃபரன்ஸ் எண், கீழ் வரியில் பணம் வாங்கியவர் பெயர். கீழ் வரியை நீக்கினால் தொகை மாறாது. ஆனால், ‘வாடகை எவ்வளவு கொடுத்தோம்’ என்று பெயர் போட்டு ஃபில்டர் செய்யும்போது அந்தப் பதிவு சிக்காது.

அப்படிப்பட்ட வரிகளுக்கு G-யில் ‘தொடர்’ என்று கையால் எழுதிவிட்டு, H நெடுவரிசையில் இதைப் போட்டால் இரண்டும் சேர்ந்துவிடும்:

```
=C2&IF(G3="தொடர்"," "&C3,"")
```

பதிவு ஒரு பக்கத்தின் அடியிலும் அதன் தொடர்ச்சி அடுத்த பக்கத்தின் தலையிலும் இருந்தால் இந்த ஃபார்முலாவுக்கு எட்டாது. அது பக்கத்துக்கு ஓரிடத்தில்தான் நடக்க முடியும் என்பதால் கையால் சேர்த்துவிடலாம்.

நீக்க வேண்டாம், நகலெடுங்கள்

இப்போது G-யில் ‘பதிவு’ மட்டும் ஃபில்டர் செய்து, தெரியும் வரிகளை காப்பி செய்து, புதிய ஷீட்டில் Paste Values கொடுங்கள். பழைய ஷீட் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு யாராவது ‘இந்தத் தொகை எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால், A-யில் உள்ள எண் சரியான வரிக்குக் கூட்டிப்போகும்.

புதிய ஷீட்டை சார்ட் செய்வதற்கு முன் ஒரே ஒரு சோதனை பாக்கி. முந்தைய இருப்பில் செலவைக் கழித்து, வரவைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். மூன்றாவது வரியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=ROUND(F2-D3+E3-F3,2)
```

எல்லா வரியிலும் 0 வந்தால், நடுவில் எதுவும் விடுபடவில்லை. எங்காவது வேறு எண் வந்தால், அந்த இடத்தில் ஒரு பதிவு காணோம் அல்லது ஓர் எண் தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் 3-ஐ 8 என்று படித்துவிடும் தவறும் இதில் மாட்டிக்கொள்ளும். சார்ட் செய்துவிட்டால் அடுத்தடுத்த வரிகளுக்குத் தொடர்பு அறுந்துவிடும் என்பதால், இதை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

உதாரணக் கணக்கில் தொடக்க இருப்பு 18,250. அதோடு வரவு 1,29,500-ஐக் கூட்டி, செலவு 90,330-ஐக் கழித்தால் 57,420. ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரியில் அச்சாகியிருக்கும் இருப்பும் அதே 57,420. இனி தாராளமாக சார்ட் செய்யலாம்.