நெஞ்சில் கோத்த நீர் சொல்லும் கதை

கணுக்காலுக்கு மேலே எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்துச் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாகத்தான் நிரம்புகிறது என்றால், அங்கே நீர் கோத்திருக்கிறது. ரத்தக் குழாயை விட்டு வெளியே வந்த நீர் அது. ஏன் வந்தது?

ரத்தக் குழாய்களிலேயே மெல்லியவை தந்துகிகள். அவற்றின் சுவர் வழியே தண்ணீரும் உப்பும் போய்வரும்; புரதம் எளிதில் போகாது. உள்ளே இருக்கும் ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. தமனிப் பக்கம் அது ஏறக்குறைய 35 மி.மீ. பாதரசம், சிரைப் பக்கம் 15. ரத்தத்தில் உள்ள புரதம், முக்கியமாக ஆல்புமின், சுமார் 25 மி.மீ. அளவுக்கு நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. இந்த இழுபறியை 1896-ல் காட்டியவர் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். நாயின் பின்னங்காலில் அவர் உப்புநீரை ஏற்றினார். ரத்தம் அதை உறிஞ்சிக்கொண்டது. புரதம் நிறைந்த சீரத்தை ஏற்றியபோது அப்படி உறிஞ்சவில்லை. வெளியேறிய நீர் பெரும்பாலும் சிரைப் பக்கமே திரும்பிவிடும் என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். பல திசுக்களில் அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போவது நிணநீர்க் குழாய்கள்தான் என்பது இப்போதைய கணிப்பு.

ஆக, வீக்கத்துக்கு நான்கே வழி. உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் கூடலாம்: இதயம் பலவீனமானால் சிரைகளில் ரத்தம் தேங்கி அப்படி ஆகிறது. பிடித்து வைக்கும் புரதம் குறையலாம்: சிறுநீரில் ஆல்புமின் ஒழுகும் சிறுநீரக நோயில் அதுதான் நடக்கிறது. நிணநீர் அடைத்துக்கொள்ளலாம், யானைக்கால் போல. அல்லது தந்துகியின் சுவரே ஓட்டை விழலாம், நோய்த்தொற்றில் போல.

ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கால் வீங்குவதும் இதே கணக்கில் அடங்கும். மாத்திரை சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அவ்வளவாக விரிப்பதில்லை. வரத்து கூடிப் போக்கு அப்படியே இருக்க, நடுவில் உள்ள தந்துகியில் அழுத்தம் ஏறுகிறது. உடம்பில் உப்பும் நீரும் மிகுந்ததால் வந்த வீக்கம் இல்லை. அதனால் நீர் மாத்திரை கொடுத்தும் பெரிதாக வடியாது.

நீர் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் சேர்ந்தால், ஊசி போட்டு எடுத்துப் பார்க்க முடியும். சுவர் நன்றாக இருந்து, அழுத்தக் கணக்கு தவறியதால் மட்டும் வந்த நீரில் புரதம் குறைவாக இருக்கும்; அது ட்ரான்சுடேட். சுவர் கெட்டுப் புரதமும் சேர்ந்து கசிந்திருந்தால் எக்ஸுடேட். 1972-ல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட்டும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு மூன்று அளவுகோல் தந்தார்கள். நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் பாதியைத் தாண்டுவது; எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் உள்ளதில் 0.6 பங்கைத் தாண்டுவது. அந்த நொதி, ரத்தத்துக்கான இயல்பு உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுவது. மூன்றில் ஒன்று ஒத்துப்போனாலும் எக்ஸுடேட்தான்.

இங்கேதான் ஒரு வழுக்கல். இதயம் பலவீனமான 68 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, நிலைமை வார்டில் அடிக்கடி காண்பது. இரண்டு காலும் வீக்கம், வலது நெஞ்சில் நீர். ஐந்து நாள் ஃபுரோசிமைட் ஊசி போட்ட பிறகு நீர் எடுக்கிறார்கள். நீரில் புரதம் 3.4 கிராம், ரத்தத்தில் 6.4, வகுத்தால் 0.53. எல்.டி.எச். நீரில் 120, ரத்தத்தில் 220, விகிதம் 0.55. உச்சவரம்பு 240 என்றால் மூன்றில் இரண்டு பங்கு 160, அதையும் தொடவில்லை. நொதி இரண்டு முறையும் விடுவித்துவிட்டது, புரதம் மட்டும் மயிரிழையில் மாட்டிவிட்டது. விதிப்படி எக்ஸுடேட். நம் ஊரில் அந்தச் சொல் வந்தால் அடுத்த சந்தேகம் காசநோய். அவசரப்பட்டால் இதய நோயாளிக்கு ஆறு மாதக் காசநோய் மாத்திரை.

நடந்தது வேறு. நீர் ஊசி நெஞ்சிலிருந்த தண்ணீரை வேகமாக வற்றவைத்தது. புரதத்தால் அதே வேகத்தில் வெளியேற முடியவில்லை. காயக் காயக் குழம்பில் உப்பு ஏறுவது மாதிரி, மிஞ்சிய நீரில் புரதத்தின் அடர்த்தி ஏறிவிட்டது. சுவரில் கோளாறு எதுவும் இல்லை.

இப்படிச் சந்தேகம் வந்தால் வகுப்பதை விட்டுவிட்டுக் கழிக்க வேண்டும். ரத்த ஆல்புமின் 3.7, நீரில் 2.1, வித்தியாசம் 1.6. இது 1.2-ஐத் தாண்டினால், இதயம் பலவீனமான ஆளிடம் அந்த நீரை ட்ரான்சுடேட் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கழித்தலை எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் போடக் கூடாது. உண்மையான எக்ஸுடேட் சிலதும் இதில் தப்பிவிடும். காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் நீர் சேர்ந்து வலியும் இருந்தால், எண் என்ன சொன்னாலும் தேடலை நிறுத்த முடியாது.

இன்னொன்று: இந்த வகுத்தல், கழித்தல் இரண்டுக்கும் ரத்தத்தின் எண் வேண்டும். நெஞ்சு நீரை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, ரத்தம் எடுக்க மறந்துபோவது உண்டு. இரண்டு நாள் கழித்து எடுத்த ரத்தம் வேறு நாளின் ரத்தம்; நீர் எடுக்கும் அன்றே அதையும் எடுத்துவிட வேண்டும்.