காது மடல் குறுகுறுத்தால் கால் வேகமாகுமா?

ஜிம்மில் 'ப்ரீ-வொர்க்அவுட்' பொடியை ஒரு ஸ்கூப் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் காது மடலையும் கழுத்தையும் சொறிந்துகொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். முகத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கும், விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும். "ஏறுது பாரு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார்கள். ஏறுவது என்னவோ உண்மைதான். ஆனால் ஏறும் இடம் தோல், தசை அல்ல.

அந்தக் குறுகுறுப்புக்குக் காரணம் பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம். ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று உயரும்போது, தோலில் முடியும் சில நரம்பு இழைகளின் மேலுள்ள ஏற்பி ஒன்றை அது நேரடியாகத் தூண்டுகிறது. இது ஒவ்வாமை அல்ல. ஹிஸ்டமின் வழியாக வரும் அரிப்பும் அல்ல. பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். இதனால் கெடுதல் வந்ததாகச் சான்று இல்லை. அன்றைய ஓட்டத்துக்கு இதனால் நன்மையும் இல்லை.

பீட்டா அலனினின் உண்மையான வேலை சத்தமில்லாமல் நடப்பது. தசைக்குள் போய் ஹிஸ்டிடின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தோடு சேர்ந்து அது கார்னோசின் ஆகிறது. வேகமாக ஓடும்போது தசைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. கால் எரிகிறது, இழுக்கிறது. கார்னோசின் அந்த அமிலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு, தளர்வைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. தசையில் ஹிஸ்டிடின் தாராளமாக உண்டு. பற்றாக்குறை பீட்டா அலனினுக்குத்தான். அது இறைச்சியிலும் மீனிலும் கிடைப்பதால், சைவ உணவுக்காரர்களின் தசையில் கார்னோசின் சராசரியாகக் குறைவாகவே இருக்கிறது.

இந்த இருப்பு ஒரே நாளில் கூடுவதில்லை. பிரிட்டனில் ரோஜர் ஹாரிஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பீட்டா அலனின் எடுத்தவர்களின் தொடைத் தசையில் கார்னோசின் 4 வாரத்தில் சுமார் 60 சதவீதமும், 10 வாரத்தில் சுமார் 80 சதவீதமும் கூடியது. நிறுத்தினால் இறங்குவதும் அப்படித்தான், வாரக் கணக்கில் மெதுவாக. ஆகவே ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் ஒரு ஸ்கூப் என்பதற்கு அர்த்தமே இல்லை. காலையில் எடுத்தாலும் இரவில் எடுத்தாலும் ஒன்றுதான். விடாமல் எடுக்கிறோமா என்பதுதான் கணக்கு.

வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 65 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 3.9 கிராம், அதாவது ஏறக்குறைய 4 கிராம். அதை ஒரே மூச்சில் விழுங்கினால் உடம்பெல்லாம் ஊசி குத்தும். 0.8 கிராம் வீதம் ஐந்தாகப் பிரித்து, 3, 4 மணி நேர இடைவெளியில், சாப்பாட்டோடு எடுத்தால் பலருக்கு எதுவுமே தெரியாது. மெல்லக் கரையும் மாத்திரைகளும் இதற்காகவே வருகின்றன. குறுகுறுப்பு இல்லையென்றால் பொடி போலி என்று நினைத்துவிட வேண்டாம். அளவைச் சரியாகப் பிரித்திருக்கிறார் என்றுதான் பொருள்.

இத்தனை செய்தாலும் பலன் கிடைக்கும் களம் குறுகியது. சுமார் அரை நிமிடத்திலிருந்து 10 நிமிடம் வரை முழு மூச்சாகச் செய்யும் போட்டிகளுக்கே இது உதவுகிறது: 800 மீட்டர், 1500 மீட்டர், துடுப்புப் படகு. மாரத்தானின் சீரான வேகத்தில் தசை அவ்வளவு அமிலமாவதில்லை. ஆனால் நெடுந்தூரப் போட்டியின் கடைசிப் பாய்ச்சல் வேறு விஷயம். பெல்ஜியத்தில் சைக்கிள் வீரர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், 8 வாரம் பீட்டா அலனின் எடுத்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிதித்த பிறகும், 30 விநாடிப் பாய்ச்சலில் முன்பைவிடக் கூடுதல் விசை காட்டினார்கள்.

பீட்ரூட்டின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே கடிகாரம்தான் எல்லாம்.

பீட்ரூட்டில் நைட்ரேட் அதிகம். குடித்த நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய், அதில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியாக மறுபடி வாய்க்கே வருகிறது. நாக்கின் மேல் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பின்னர் உடலில் நைட்ரிக் ஆக்ஸைடு உருவாகி, ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதே வேலைக்குத் தசை கேட்கும் ஆக்சிஜனும் குறைகிறது. இந்தச் சுற்றுப் பயணம் முடிந்து ரத்தத்தில் நைட்ரைட் உச்சத்தைத் தொட 2 முதல் 3 மணி நேரம் ஆகும்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் 2009இல் செய்த சோதனைதான் இந்தச் சாற்றை ஓட்டக்காரர்களிடையே பிரபலமாக்கியது. எட்டு ஆண்கள் ஆறு நாள் தினமும் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தார்கள். கடினமான வேகத்தில் சைக்கிள் மிதித்துச் சோர்ந்து நிற்க, பீட்ரூட் சாறு குடிக்காதபோது 583 விநாடி ஆனது. சாறு குடித்த பின் 675 விநாடி தாங்கினார்கள். இதைப் படித்துவிட்டு ஓட்ட நேரமே 16 சதவீதம் குறையும் என்று கணக்குப் போடக் கூடாது. தாக்குப்பிடிக்கும் நேரம் வேறு, குறித்த தூரத்தைக் கடக்கும் நேரம் வேறு. இரண்டாவதில் பலன் சுமார் 1 முதல் 3 சதவீதம்தான். ஏற்கெனவே உச்சத் தகுதியில் இருக்கும் வீரர்களுக்கு அதுவும் பல ஆய்வுகளில் தெரியவில்லை. வார இறுதியில் ஓடுகிற சாதாரணர்களுக்குத்தான் இது கூடுதலாகக் கைகொடுக்கிறது, அபூர்வமாக!

அதே குழு 2013இல் அளவையும் சோதித்தது. 8.4 மில்லிமோல், அதாவது 500 மில்லிகிராம் அளவு நைட்ரேட் நன்றாக வேலை செய்தது. அதை இரட்டிப்பாக்கியபோது கூடுதல் பலன் இல்லை. வீட்டுச் சாற்றில் சிக்கல் என்னவென்றால், மண்ணையும் உரத்தையும் பொறுத்து ஒரு கிழங்குக்கும் இன்னொன்றுக்கும் நைட்ரேட் மாறும். வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் அதில் கணிசமான பகுதி வடிநீரோடு போய்விடும். அதனால்தான் போட்டிக்காரர்கள் 70 மில்லி செறிவுச் சாற்றை வாங்குகிறார்கள்; பல தயாரிப்புகளில் ஒரு குப்பிக்கு 400 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும்.

முன்பு சொன்ன 60 கிலோ ஓட்டக்காரருக்குக் காலை 6.30க்கு 5 கிலோமீட்டர் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். பீட்டா அலனினை ஒரு மாதம் முன்பே தொடங்கியிருப்பார். அன்று காலை எடுத்தாலும் விட்டாலும் ஒன்றுமில்லை. செறிவுச் சாற்றை 4 மணிக்குக் குடிக்க வேண்டும். பல் துலக்கலாம், ஆனால் கிருமிநாசினி மவுத்வாஷ் கூடாது. நாக்கின் பாக்டீரியாக்களை அது கொன்றுவிட்டால் நைட்ரைட் உருவாவதே ஏறக்குறைய நின்றுபோகும். குடித்த சாறு வீண். சிலருக்கு வயிறு கலக்கும் என்பதால், பந்தய நாளுக்கு முன்பே ஒரு பயிற்சி ஓட்டத்தில் குடித்துப் பார்த்துவிடுவது நல்லது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் அப்படியே, பீட்ரூட்டில் ஆக்சலேட் அதிகம்.

பந்தயம் முடிந்து கழிவறைக்குப் போனால் சிறுநீர் இளஞ்சிவப்பாக இருக்கலாம். சிலருக்கு மட்டும் இப்படிச் சாற்றின் நிறமி இறங்கும், பயப்பட வேண்டியதில்லை. பீட்ரூட்டே தொடாத ஒருவருக்கு நெடுந்தூர ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் சிவந்தோ காபி நிறத்திலோ போனால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.